சூடாகும் காயிலின் மின்தடை: ஒரு பம்ப் மோட்டாரை வைத்து முழுக் கணக்கு

தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடியபின் அதன் உடலைத் தொட்டுப் பார்த்து, "கை வைக்க முடியலையே, காயில் போயிடுமா?" என்று கேட்காதவர்கள் குறைவு. ஆனால் வெளி உடலின் சூடு ஒன்று, உள்ளே இருக்கும் செம்புக் கம்பியின் சூடு இன்னொன்று. காயிலுக்குள் தெர்மாமீட்டரை நுழைக்க வழியில்லை. நல்ல வேளையாக, அது தேவையும் இல்லை. செம்பு சூடானால் அதன் மின்தடை ஒரு திட்டமான கணக்கில் ஏறும். குளிர்ந்த நிலையில் ஒரு முறை, ஓடி நின்றவுடன் ஒரு முறை அளந்தால், காயிலின் வெப்பநிலையைச் சில டிகிரி பிசகில் சொல்லிவிடலாம். மோட்டார் தயாரிப்பாளர்களின் சோதனைக்கூடத்திலும் இதே முறையில்தான் வெப்ப உயர்வைக் கணிக்கிறார்கள்.

இங்கே ஒரே ஒரு மோட்டாரை எடுத்துக்கொள்கிறேன்: வீட்டுக் கிணற்றில் இருக்கும் மாதிரியான 1 எச்.பி., சிங்கிள் பேஸ், 2 போல் மோனோபிளாக். அதன் ரன்னிங் காயிலை மட்டும் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. உங்கள் மோட்டாரின் எண்கள் வேறாக இருக்கும், கணக்குப் போடும் வழி மாறாது.

முதலில் கம்பியின் நீளம்

காயிலின் மின்தடைக்கு அடிப்படைச் சூத்திரம் பள்ளியில் படித்ததுதான்.

```
R = ρ × L / A
```

L கம்பியின் மொத்த நீளம், A அதன் குறுக்குவெட்டுப் பரப்பு, ρ செம்பின் மின்தடை எண். நீளம் இரண்டு மடங்கானால் மின்தடையும் இரண்டு மடங்கு, பரப்பு இரண்டு மடங்கானால் மின்தடை பாதி. இவ்வளவு எளிமையான சூத்திரத்தில் தவறு நுழைவது பெருக்கலில் அல்ல, L, A இரண்டுக்கும் நாம் போடும் எண்களில்.

நம் மோட்டாரின் ரன்னிங் காயில் இரண்டு தொகுதிகளாக இருக்கிறது. ஒவ்வொரு தொகுதியிலும் ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு காயில்கள். உள்ளே இருக்கும் சின்னக் காயிலில் 30 சுற்று, அடுத்ததில் 40, அதற்கடுத்து 48, வெளிப்பக்கத்தில் 52. ஆக ஒரு தொகுதிக்கு 170 சுற்று, மொத்தம் 340.

ஒரு சுற்றின் நீளம் நான்கிலும் ஒன்றல்ல. உள் காயிலுக்கு 0.38 மீட்டர், பிறகு 0.43, 0.48, வெளிக் காயிலுக்கு 0.53 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வைண்டிங் மோல்டைச் சுற்றி ஒரு நூலை வைத்து அளந்தாலே இது கிடைத்துவிடும். ஆனால் எல்லாக் காயிலிலும் அடிச்சுற்று குட்டை, மேல்சுற்று நீளம். அதனால் இரண்டையும் அளந்து நடுவில் இருக்கும் அளவை எடுக்க வேண்டும்.

```
30 × 0.38 = 11.40
40 × 0.43 = 17.20
48 × 0.48 = 23.04
52 × 0.53 = 27.56
மொத்தம்  = 79.20 மீட்டர் (ஒரு தொகுதி)
இரண்டு தொகுதி = 158.4 மீட்டர்
```

நான்கு நீளங்களுக்கும் சராசரி பார்த்து 0.455 மீட்டர் என்று எடுத்து, அதை 340-ஆல் பெருக்கிவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் 154.7 மீட்டர்தான் வரும். பெரிய காயிலில்தான் சுற்றுகள் அதிகம் என்பதைச் சாதாரணச் சராசரி மறந்துவிடுகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு சதவீதத்துக்கு மேல். அது பெரிதா என்றால், மின்தடையை வைத்து வெப்பநிலை சொல்லப் போகிறவர்களுக்கு இரண்டு சதவீதம் என்பது ஐந்து டிகிரிக்குச் சமம். ஆகவே காயில் காயிலாகவே கூட்டுங்கள்.

அடுத்து பரப்பு, எனாமலைக் கழித்துவிட்டு

இந்தக் காயில் 20 ஆம் கேஜ் எனாமல் கம்பியில் சுற்றியது. 20 ஆம் கேஜ் என்றால் வெறும் செம்பின் விட்டம் 0.914 மில்லிமீட்டர். பரப்பு:

```
A = π × d² / 4
A = 3.1416 × 0.914² / 4 = 0.656 மி.மீ²
```

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கம்பியை அப்படியே மைக்ரோமீட்டரில் வைத்தால் 0.98 என்று காட்டும், ஏனென்றால் அதில் எனாமல் பூச்சும் சேர்ந்திருக்கிறது. பூச்சு மெல்லியதுதான். ஆனால் விட்டம் வர்க்கமாகப் போவதால் அதன் விளைவு மெல்லியது அல்ல. 0.98 என்று போட்டால் பரப்பு 0.754 வரும், மின்தடை 13 சதவீதம் குறைவாகத் தெரியும். கம்பி முனையில் இரண்டு சென்டிமீட்டருக்கு எனாமலை மெதுவாக எரித்து, துணியால் துடைத்துவிட்டு, அப்புறம் அளக்க வேண்டும். எமரி தாளால் அழுத்தித் தேய்த்தால் செம்பும் சேர்ந்து தேய்ந்துவிடும். ஒரே இடத்தில் நிறுத்தாமல், கம்பியைக் கால் சுற்று திருப்பி இன்னொரு முறையும் அளந்து கொள்ளுங்கள். சுற்றிய கம்பி முழு வட்டமாகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

20 டிகிரியில் மின்தடை

செம்பின் மின்தடை எண்ணுக்கு உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட ஓர் அளவு உண்டு. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1913-இல் அதை முடிவு செய்தது: பதப்படுத்திய செம்பில் 1 மீட்டர் நீளமும் 1 சதுர மில்லிமீட்டர் பரப்பும் உள்ள கம்பிக்கு, 20 டிகிரி செல்சியஸில், 1/58 ஓம். அதாவது 0.01724 ஓம். நல்ல எனாமல் கம்பி இதற்கு மிக நெருக்கமாகவே இருக்கும்.

```
R20 = 0.01724 × 158.4 / 0.656 = 4.16 Ω
```

நீளத்தை மீட்டரிலும் பரப்பைச் சதுர மில்லிமீட்டரிலும் வைத்துக்கொண்டால் பத்தின் அடுக்குகளோடு மல்லுக்கட்ட வேண்டியதே இல்லை.

இப்போதே ஒரு குறுக்குச் சோதனையும் செய்துவிடலாம். 158.4 மீட்டர் நீளமும் 0.656 சதுர மில்லிமீட்டர் பரப்பும் சேர்ந்தால் 104 கன சென்டிமீட்டர் செம்பு. ஒரு கன சென்டிமீட்டர் செம்பின் எடை 8.89 கிராம். ஆக சுமார் 925 கிராம் வர வேண்டும், எனாமல் அதற்கு மேல் கொஞ்சம். சுற்றுவதற்கு முன்னும் பின்னும் கம்பிச் சுருளைத் தராசில் வைத்திருந்தால், நீளக் கணக்கு சரியா என்று உடனே தெரிந்துவிடும்.

அறையின் வெப்பநிலைக்கு மாற்றுவது

நம் ஊரில் 20 டிகிரியில் காயிலை அளக்கும் நாள் அபூர்வம். காலையில் பட்டறையில் 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அப்போது மீட்டர் 4.16 காட்டாது.

செம்புக்குள் ஓடும் எலக்ட்ரான்கள் அணுக்களின் அதிர்வால் சிதறடிக்கப்படுகின்றன. சூடு ஏற ஏற அணுக்கள் அதிகமாக அதிரும், சிதறலும் கூடும், மின்தடை ஏறும். சூட்டில் கம்பி நீள்வதால்தான் மின்தடை கூடுகிறது என்று சிலர் நினைப்பதுண்டு. 75 டிகிரி சூடேறினால் செம்பு நீள்வது 0.13 சதவீதம்தான். அதோடு தடிப்பும் கூடுவதால், வடிவ மாற்றம் மட்டும் இருந்திருந்தால் மின்தடை துளி குறைந்துதான் இருக்கும். முழு விளைவும் சிதறலால் வருவது.

சாதாரண வேலை வெப்பநிலைகளில் இந்த ஏற்றம் கிட்டத்தட்ட நேர்கோடு. அந்தக் கோட்டைப் பின்னோக்கி நீட்டிக்கொண்டே போனால் மைனஸ் 234.5 டிகிரியில் பூஜ்யத்தைத் தொடும். உண்மையான செம்பு அங்கே பூஜ்யம் ஆவதில்லை, கோடு அதற்கு முன்பே வளைந்துவிடும். ஆனால் நமக்குத் தேவையான இடத்தில் கோடு பிசகுவதில்லை. மோட்டார் சோதனைத் தரநிலையில் இதை 235 என்று முழு எண்ணாக வைத்திருக்கிறார்கள்.

```
R2 / R1 = (235 + T2) / (235 + T1)
```

பாடப்புத்தகத்தில் வரும் 0.00393 என்ற வெப்பநிலை எண்ணும் இதே கோட்டின் சாய்வுதான். ஆனால் அது 20 டிகிரியில் எடுத்த மின்தடையோடு மட்டுமே சேரும். 30 டிகிரியில் அளந்த எண்ணோடு 0.00393-ஐப் பெருக்கினால் விடை தப்பும். 235 உள்ள சூத்திரத்தில் எந்த வெப்பநிலையிலிருந்தும் தொடங்கலாம் என்பதால் எனக்கு அதுதான் பிடிக்கும்.

```
R30 = 4.16 × (235 + 30) / (235 + 20)
R30 = 4.16 × 265 / 255 = 4.33 Ω  (4.16 என்பது முழுமையாக 4.163)
```

நிஜக் காயிலை அளப்பது

இந்த 4.33 ஓமைச் சாதாரண மல்டிமீட்டரால் அளக்கப் போனால் ஏமாற்றம்தான். 200 ஓம் ரேஞ்சில் அது 0.1 ஓமுக்குக் கீழே காட்டாது. இரண்டு முனைக் கம்பிகளும் சேர்ந்து 0.2, 0.3 ஓம் எடுத்துக்கொள்ளும். "காயில் அறுந்திருக்கிறதா?" என்று பார்க்க இது போதும். வெப்பநிலை சொல்லப் போதாது: இந்தக் காயிலில் 0.1 ஓம் பிசகு என்றால் 6 டிகிரி பிசகு.

மில்லிஓம் மீட்டர் இருந்தால் சிரமமில்லை. இல்லாதவர்களுக்கு ஒரு கார் பேட்டரி, 20 ஓம், 10 வாட் வயர்வுண்ட் ரெசிஸ்டர் ஒன்று, இரண்டு டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். முதலில் மோட்டாரின் மின் இணைப்பைக் கழற்றுங்கள், கண்டன்சரை டிஸ்சார்ஜ் செய்து அதன் ஒயரையும் கழற்றுங்கள். அப்புறம் பேட்டரி, ரெசிஸ்டர், ஒரு மல்டிமீட்டர் (ஆம்பியர் ரேஞ்சில்), ரன்னிங் காயில் எல்லாவற்றையும் வரிசையாக இணையுங்கள். இரண்டாவது மல்டிமீட்டரை வோல்ட் ரேஞ்சில் வைத்து, அதன் முனைகளை நேரடியாகக் காயிலின் முனைகளிலேயே அழுத்துங்கள். மின்சாரம் வரும் கிளிப்பின் மேல் வைக்கக் கூடாது. இப்படி வைத்தால் கிளிப்பிலும் இணைப்புக் கம்பியிலும் இழக்கும் வோல்டேஜ் கணக்கில் சேராது.

12.5 வோல்ட் பேட்டரியில் சுமார் 0.514 ஆம்பியர் ஓடும். காயிலின் மேல் 2.226 வோல்ட் தெரியும்.

```
R = V / I = 2.226 / 0.514 = 4.33 Ω
```

அரை ஆம்பியர் என்பது இந்தக் காயிலின் 5 ஆம்பியர் ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. அதற்கு மேல் செலுத்தினால், அளக்கும் மின்சாரமே காயிலைச் சூடாக்கிவிடும். ஒரு விஷயம் கவனம்: அளந்து முடித்ததும் முதலில் வோல்ட் மீட்டரின் முனைகளை எடுங்கள், அப்புறம்தான் பேட்டரியைப் பிரிக்க வேண்டும். காயிலில் ஓடும் மின்சாரத்தைத் திடீரென்று அறுத்தால் அதன் முனைகளில் ஒரு கணம் நூற்றுக்கணக்கான வோல்ட் எழும்பும். அது மீட்டரையும் கெடுக்கும், வெறும் கை பட்டிருந்தால் உங்களையும் உதறும்.

குளிர்நிலை அளவில் இன்னொரு முக்கியம், அந்த 30 டிகிரி உண்மையில் காயிலின் வெப்பநிலைதானா என்பது. இரவு முழுவதும் ஓடாமல் நிழலில் இருந்த மோட்டாராக இருக்க வேண்டும். வெயில் பட்ட இடத்தில் இருந்த மோட்டாரின் உள்ளே காற்றைவிடப் பல டிகிரி அதிகமாக இருக்கும். தெர்மாமீட்டரைச் சுவரில் தொங்கவிடாமல், மோட்டாரின் இரும்போடு ஒட்டி, மேலே பஞ்சு வைத்து மூடி, பத்து நிமிடம் கழித்துப் படியுங்கள்.

கணக்கும் அளவும் ஒத்துப்போகாவிட்டால்

இரண்டு மூன்று சதவீத வித்தியாசம் சகஜம். கம்பியின் விட்டம் ஒரு சதவீதம் குறைந்தாலே மின்தடை இரண்டு சதவீதம் ஏறும். சுற்றும்போது இழுத்துச் சுற்றியிருந்தால் கம்பி நீண்டு மெலிந்திருக்கும்: சுற்றுகளும் மோல்டும் மாறாததால் காயிலில் இருக்கும் நீளம் அதேதான், ஆனால் பரப்பு குறைந்திருக்கும். மூன்று சதவீதம் இழுபட்ட கம்பி மூன்று சதவீத மின்தடையைக் கூட்டும், எடையை அதே அளவு குறைக்கும்.

ஆனால் மீட்டர் 7 ஓமுக்குப் பக்கத்தில் காட்டினால் வேறு கதை. அலுமினியத்தின் மின்தடை எண் செம்பைவிட 1.6 மடங்குக்கும் அதிகம். செம்பு நிற எனாமல் பூசிய அலுமினியக் கம்பியை வெளிப்பார்வைக்குக் கண்டுபிடிக்க முடியாது. எடைதான் காட்டிக்கொடுக்கும்: அதே நீளமும் கேஜும் உள்ள அலுமினியக் காயில் 280 கிராம்தான் இருக்கும். வெட்டிய முனையைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளை உலோகம் தெரியும். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியும் உண்டு. அதில் மேலே சுரண்டினால் செம்புதான் தெரியும் என்பதால், வெட்டுமுகத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள்.

அளவு குறைவாக வந்தால் சுற்றுகள் குறைவாகப் போயிருக்கலாம், அல்லது தடித்த கேஜ் போட்டிருக்கலாம். பாதியாகவோ இரண்டு மடங்காகவோ வந்தால் கம்பியைச் சந்தேகிக்கும் முன் இணைப்பைப் பாருங்கள். தொடரில் இருக்க வேண்டிய இரண்டு தொகுதிகளும் பக்கத்தில் பக்கமாக இணைந்துவிட்டால் 4.33-க்குப் பதில் நாலில் ஒரு பங்கு, 1.08 ஓம்தான் வரும்.

ஓட்டி, நிறுத்தி, சூட்டில் அளப்பது

இப்போது மோட்டாரை முழுச் சுமையில் ஓட்ட வேண்டும். எவ்வளவு நேரம் என்றால், உடலின் வெப்பநிலை அரை மணி நேரத்தில் ஒரு டிகிரிக்கு மேல் மாறாத நிலை வரும்வரை. அப்போதுதான் உள்ளே பிறக்கும் சூடும் வெளியேறும் சூடும் சமமாகியிருக்கும். பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தி அளந்தால் அந்தப் பத்து நிமிடத்தின் சூடுதான் கிடைக்கும்.

நிறுத்திய கணத்திலிருந்து காயில் ஆறத் தொடங்கும். முதல் நிமிடத்தில்தான் அது வேகமாக ஆறும், ஏனென்றால் செம்பின் சூடு சுற்றியுள்ள இரும்புக்குப் பாய்கிறது. அதனால் மெயின் சுவிட்சை அணைத்து, பியூஸைக் கழற்றி, கண்டன்சரை டிஸ்சார்ஜ் செய்து, அளவுக் கம்பிகளை மாட்டுவதற்கான வரிசையை முன்பே ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் இருந்தால் நல்லது. ஒருவர் கம்பிகளைப் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் நேரத்தையும் எண்ணையும் எழுதலாம். அவசரத்தில் மின் இணைப்பைத் துண்டிக்காமல் கம்பியைத் தொட்டுவிடக் கூடாது. சில விநாடி தாமதமானால் கணக்கில் சரிசெய்துகொள்ளலாம்.

ரோட்டர் முழுவதும் நின்றிருக்க வேண்டும். புட் வால்வு சரியாக மூடாத பம்பில் தண்ணீர் திரும்பி இறங்கும்போது ரோட்டர் எதிர்த்திசையில் சுழன்றுகொண்டிருக்கும், மீட்டரின் எண் ஆடிக்கொண்டே இருக்கும். அப்படி ஆடுகிற எண்ணை எழுதிப் பயனில்லை. டெலிவரி வால்வை மூடிவிட்டு அளக்க வேண்டும்.

நமக்குக் கிடைத்த எண்கள் இப்படி:

```
30 விநாடி   5.48 Ω
60 விநாடி   5.42 Ω
90 விநாடி   5.37 Ω
120 விநாடி  5.32 Ω
```

கிராப் தாளில் புள்ளி வைத்து, வளைவைப் பின்னோக்கி பூஜ்யம் விநாடிக்கு நீட்டினால் சுமார் 5.55 ஓமில் தொடும். அதுதான் ஓடிக்கொண்டிருந்த காயிலின் மின்தடை. 50 கிலோவாட் வரையிலான மோட்டார்களுக்கு, 30 விநாடிக்குள் அளந்துவிட்டால் முதல் எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்று தரநிலை அனுமதிக்கிறது. சின்ன மோட்டார் சீக்கிரம் ஆறும் என்பதால் நான் வளைவைப் போட்டுவிடுவதையே விரும்புவேன்.

```
T2 = (R2 / R1) × (235 + T1) − 235
T2 = (5.55 / 4.33) × 265 − 235
T2 = 339.7 − 235 = 104.7 °C
```

காயில் 105 டிகிரியில் இருந்திருக்கிறது. சோதனை முடிந்தபோது சுற்றுப்புறம் 34 டிகிரி என்றால், வெப்ப உயர்வு சுமார் 71 டிகிரி.

இது அதிகமா? மோட்டாரின் பெயர்ப்பலகையில் இன்சுலேஷன் கிளாஸ் போட்டிருக்கும். 'பி' கிளாஸுக்கு, இந்த மின்தடை முறையில் அனுமதிக்கும் உயர்வு 80 டிகிரி. 'எப்' கிளாஸுக்கு 105. நம் மோட்டார் 'பி' என்றாலும் உள்ளே அடங்கிவிட்டது. 'பி' கிளாஸ் தாங்கும் உச்சம் 130 டிகிரி. சுற்றுப்புறம் 40, உயர்வு 80 என்று 120-இலேயே நிறுத்தியிருப்பதற்குக் காரணம் உண்டு. நாம் அளப்பது 158 மீட்டர் கம்பிக்கும் சேர்த்த சராசரி வெப்பநிலை. ஸ்லாட்டின் நடுவில் காற்றுப் படாமல் புதைந்திருக்கும் பகுதி அதைவிடச் சூடாக இருக்கும். மீதமுள்ள 10 டிகிரி அந்த இடத்துக்கானது.

சூடு ஏற ஏற இழப்பும் ஏறும்

குளிர்ந்த காயிலில் 5 ஆம்பியர் ஓடினால் அங்கே வீணாகும் மின்திறன் 25 × 4.33, அதாவது 108 வாட். சூடானபின் அதே 5 ஆம்பியருக்கு 25 × 5.55, 139 வாட். தண்ணீர் அதேதான் வருகிறது, காயிலில் மட்டும் 28 சதவீதம் கூடுதலாகச் சூடு பிறக்கிறது. அந்தச் சூடு மின்தடையை இன்னும் ஏற்றுகிறது. 105 டிகிரி என்பது இந்தச் சங்கிலி ஓரிடத்தில் வந்து நின்ற புள்ளி.

கிராமத்துக் கடைசி டிரான்ஸ்பார்மரில் மாலை நேரம் வோல்டேஜ் இறங்குகிறது, மோட்டார் அதே தண்ணீரை இறைக்க 6 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் கூடியது 20 சதவீதம்தான். வெப்ப உயர்வு செம்பு இழப்புக்கு நேர்விகிதம் என்று எடுத்துக்கொண்டால், 139 வாட்டுக்கு 71 டிகிரி, ஆக ஒரு வாட்டுக்கு 0.51 டிகிரி. மின்தடை மாறவில்லை என்று நினைத்தால் உயர்வு 1.44 மடங்காகி 102 டிகிரியில் நிற்க வேண்டும். மின்தடையும் ஏறுவதைச் சேர்த்தால் இப்படி:

```
x = 0.509 × 36 × 4.33 × (235 + 34 + x) / 265
x = 0.2994 × (269 + x)
x ≈ 115 °C
```

உயர்வு 115, காயிலின் வெப்பநிலை 149 டிகிரி. 'பி' கிளாஸின் எல்லையைத் தாண்டிவிட்டது. வோல்டேஜ் குறைந்தால் இரும்பில் ஏற்படும் இழப்பு குறையும் என்பதால் உண்மை எண் இதைவிடச் சற்றுக் கீழே இருக்கும். ஆனால் 20 சதவீதக் கூடுதல் மின்சாரம் வெப்ப உயர்வை 60 சதவீதம்வரை தூக்கிவிடும் என்ற போக்கில் மாற்றமில்லை. வார்னிஷும் எனாமலும் தாங்கும் ஆயுள், ஒவ்வொரு 10 டிகிரி கூடுதலுக்கும் ஏறத்தாழ பாதியாகிறது என்பது இந்தத் தொழிலில் பழகிய கணக்கு.

இம்பெல்லரில் கல் சிக்கி ரோட்டர் நின்றுவிட்டால் கதை இன்னும் வேகமானது. அப்போது 25 ஆம்பியர் வரை ஓடலாம். 625 × 5.55 என்றால் 3,470 வாட். 925 கிராம் செம்பை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 356 ஜூல் போதும். அந்தச் சில விநாடிகளில் சூடு வெளியே போக நேரமே இல்லை, ஆகவே காயில் விநாடிக்கு 9 முதல் 10 டிகிரி வேகத்தில் ஏறும். ஏற்கெனவே 105 டிகிரியில் இருந்த காயில் பத்து விநாடியில் 200-ஐத் தொட்டுவிடும். இதனால்தான் ஓவர்லோட் ரிலேயின் செட்டிங்கை, "அடிக்கடி ட்ரிப் ஆகுது" என்று மேலே தள்ளி வைப்பது ஆபத்து.

வோல்டேஜ் மாறாத காயிலில் நேர் எதிர்

மோட்டாரில் சுமைதான் மின்சாரத்தை முடிவு செய்கிறது. டி.சி. ரிலே, சோலனாய்டு வால்வு போன்றவற்றில் வோல்டேஜ் நிலையானது. அங்கே மின்தடை ஏறினால் மின்சாரம் குறையும், சூடும் தன்னால் கட்டுப்படும். 24 வோல்ட் சோலனாய்டு ஒன்று, 20 டிகிரியில் 100 ஓம் என்றால், 90 டிகிரியில் அது 127 ஓம் ஆகும். மின்சாரம் 240 மில்லிஆம்பியரிலிருந்து 188-க்கு இறங்கும். காயில் எரியாது. ஆனால் இழுவிசை ஏறத்தாழ மின்சாரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே 60 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். காலையில் சரியாக இழுத்த வால்வு மதியம் சூட்டில் அணைத்துப் போட்டால் திரும்ப இழுக்கவில்லை என்று சொல்வார்கள். ஆறியபின் அளந்து "காயில் நல்லாத்தான் இருக்கு" என்று மாட்டிவிடாமல், சூடாக இருக்கும்போதே அளந்தால் காரணம் தெரியும்.

இந்த அளவுக்கு எட்டாதவை

காயிலின் மின்தடை 4.33 ஓம் என்பதை வைத்து 230-ஐ வகுத்து, 53 ஆம்பியர் ஓடும் என்று கணக்குப் போடக் கூடாது. ஓடும் மோட்டாரின் காயிலில் எதிர் மின்னியக்கு விசையும் தூண்டலும் சேர்ந்துதான் மின்சாரத்தைக் கட்டுப்படுத்துகின்றன. நாம் அளந்த மின்தடை சூட்டையும் இழப்பையும் மட்டும் சொல்லும்.

340 சுற்றில் பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகள் இரண்டு எனாமல் உரிந்து ஒட்டிக்கொண்டால், மொத்த மின்தடை குறைவது 0.3 சதவீதம்தான். எந்த அளவு முறையிலும் அந்த மாற்றம் அறை வெப்பநிலை ஒரு டிகிரி மாறுவதற்குள் மறைந்துவிடும். ஆனால் ஓடும்போது அந்த ஒரு சுற்றில் பெரும் மின்சாரம் சுழன்று அந்த இடம் மட்டும் கருகும். இதைக் கண்டுபிடிக்க சர்ஜ் சோதனை அல்லது குரோலர் வேண்டும். காயிலுக்கும் இரும்புக்கும் இடையே கசிவு இருக்கிறதா என்பதும் இந்த 4.33 ஓமில் தெரியாது. அதற்கு 500 வோல்ட் மெகர் எடுக்க வேண்டும்.